கார் லோன் போட்டா லாபமாம்! யாருக்குன்னு கேளுங்க

"கையில முழுப் பணம் இருந்தாலும் கார் லோன்லதான் வாங்கணும். பணத்தை எஃப்.டி.யில போட்டுட்டு லோன் கட்டினா லாபம்." இந்த வசனத்தை ஷோரூம்ல சொல்றாங்க, ஃபார்வேர்ட் மெசேஜ்ல சொல்றாங்க, கேன்டீன்ல பி.காம். படிக்கிறவனே சொல்றான். கடைசியா சொன்னதுதான் தாங்க முடியல. அதனாலதான் இந்தப் பதிவு.

போன வாரம் வகுப்புத் தோழன் ஒருத்தன் அவங்க அப்பாவுக்கு ஷோரூம்ல குடுத்த ஒரு தாளைக் காட்டினான். அதுல இருந்த கணக்கைத்தான் எல்லாரும் வேற வேற எண்களோட சொல்லிட்டுத் திரியறாங்க. அந்தக் கணக்கு எங்கே ஏமாத்துதுன்னு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டோம்னா, அப்புறம் யாரும் நம்மகிட்ட இந்தப் பருப்பை வேக வைக்க முடியாது.

முதல்ல அவங்க கணக்கு

காருக்கு 8 லட்சம்னு வச்சுக்குவோம். உங்க சேமிப்புல சரியா 8 லட்சம் சும்மா இருக்கு. கார் லோன் வட்டி 9 சதவீதம், 5 வருஷம். எஃப்.டி. வட்டி 7 சதவீதம், அதே 5 வருஷம். (உங்க வங்கி விகிதம் வேறயா இருக்கும். போட்டுப் பார்த்துக்குங்க. முறை ஒண்ணுதான்.)

லோன் போட்டா மாசத் தவணை 16,607 ரூபாய். 60 மாசத்துக்கு மொத்தம் 9,96,400 ரூபாய். அசல் 8 லட்சம் போக, வட்டி 1,96,400.

அந்த 8 லட்சத்தை எஃப்.டி.யில போட்டா, காலாண்டு கூட்டுவட்டியில 5 வருஷம் கழிச்சு 11,31,800 ரூபாய் வருது. அதாவது வட்டி மட்டும் 3,31,800.

இப்ப தாளோட கடைசி வரி: "வரவு 3,31,800, செலவு 1,96,400. உங்களுக்கு லாபம் 1,35,400! கார் கிட்டத்தட்ட இலவசமா ஆக்சஸரீஸோட வருது சார்."

கேக்க நல்லாத்தான் இருக்கு. 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்துக்குப் போட்டா லாபம் வருதாம். இது உண்மைன்னா, நாம எல்லாரும் கார்கூட வாங்காம, சும்மா 9-க்கு வாங்கி 7-க்குப் போட்டே பணக்காரன் ஆயிடலாமே? வங்கிங்க ஏன் இன்னும் திவாலாகல? எதிர்த்திசையில தொழில் பண்ற வங்கிக்கும் லாபம், நமக்கும் லாபம்னா, அந்தப் பணம் எங்கிருந்து வருது?

இந்தக் கேள்வி தோணினாலே பாதி வேலை முடிஞ்சது. மீதி, ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிக்கிறது.

ஓட்டை எங்கே?

எஃப்.டி.யில 8 லட்சமும் 5 வருஷமும் முழுசா அப்படியே உக்காந்து வட்டி ஈட்டுது. லோன்ல அப்படி இல்ல. மாசா மாசம் அசல் குறையுது. முதல் மாசம் 8 லட்சத்துக்கு வட்டி கட்டுறீங்க, கடைசி மாசம் வெறும் பதினாறாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் வட்டி. சராசரியா பார்த்தா நீங்க கடன் வச்சிருந்தது பாதிக்குச் சற்று மேல. அதனாலதான் 9 சதவீதமா இருந்தும் மொத்த வட்டி குறைவா தெரியுது.

சரி, அந்த அசல் எப்படிக் குறைஞ்சுது? நீங்க உங்க சம்பளத்திலிருந்து மாசம் 16,607 ரூபாய் எடுத்துக் கட்டினதால. அந்தத் தாள்ல இந்தப் பணத்துக்குக் கணக்கே கிடையாது. வானத்திலிருந்து விழுந்த மாதிரி வச்சுக்கிட்டாங்க. ஆனா ரொக்கமா கார் வாங்கினவர்கிட்டயும் அதே சம்பளம் வருதே? அவருக்கு இஎம்ஐ கிடையாது. அந்த 16,607 அவர் கையில நிக்குமே? அதை அவர் என்ன பண்ணுவார்னு தாள் கேக்கவே இல்ல.

ராமு, சோமுன்னு ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே 8 லட்சம் சேமிப்பு, ஒரே கார்.

ராமு லோன் போடறார். 8 லட்சம் எஃப்.டி.க்குப் போகுது. சம்பளத்துல மாசம் 16,607 இஎம்ஐக்குப் போகுது.

சோமு 8 லட்சத்தையும் குடுத்துக் காரை எடுத்துட்டார். சம்பளத்துல அதே 16,607-ஐ மாசா மாசம் அதே 7 சதவீதத்துல ஆர்.டி. போடறார்.

ரெண்டு பேரோட மாசச் செலவும் ஒரே மாதிரி. 5 வருஷம் கழிச்சு ரெண்டு பேர் வாசல்லயும் அதே பழைய கார். வங்கிக் கணக்கை மட்டும் பாருங்க. ராமுகிட்ட 11,31,800. சோமுகிட்ட சுமார் 11,87,700.

சோமு கிட்டத்தட்ட 56,000 ரூபாய் முன்னாடி நிக்கிறார். 1,35,400 லாபம்னு சொன்ன இடத்துல உண்மையில 56,000 நஷ்டம்.

நம்பிக்கை வரலையா? இன்னொரு சோதனை

"ஆர்.டி.யை நடுவுல கொண்டு வந்து குழப்பாதே"ன்னு தோழன் சொன்னான். சரி, ஆர்.டி. வேண்டாம். சம்பளத்தையே தொட வேண்டாம். லோன் உண்மையிலேயே லாபம்னா, அந்த 8 லட்சமே லோனைக் கட்டி முடிச்சு மிச்சமும் இருக்கணும், இல்லையா?

8 லட்சத்தை 7 சதவீதம் வட்டி தர்ற கணக்குல போடுங்க. மாசா மாசம் அதிலிருந்தே 16,607 எடுத்து இஎம்ஐ கட்டுங்க. என்ன நடக்குது தெரியுமா? 56 தவணை ஒழுங்காப் போகும். 57-வது மாசம் கணக்குல இருக்கிறது சுமார் 10,950 ரூபாய்தான். தவணைக்கு 5,650 துண்டு விழுது. அதுக்கப்புறம் 58, 59, 60 மூணு தவணைக்கும் நீங்க பாக்கெட்டிலிருந்துதான் போடணும்.

லாபம் எங்கே போச்சு? எங்கேயும் போகல, முதல்லயே இல்ல. எந்த விகிதம் சொன்னாலும் இந்தச் சோதனையைப் பண்ணிப் பாருங்க. சேமிப்பு, தானே கடனைக் கட்டி முடிச்சு மிஞ்சினா லோன் லாபம். நடுவுலயே தீர்ந்துபோனா நஷ்டம். எக்செல் தெரிஞ்சவங்க இந்த மூணு வரியை அடிச்சுப் பாருங்க:

```
=PMT(9%/12, 60, -800000)
=FV(7%/4, 20, 0, -800000)
=FV((1+7%/4)^(1/3)-1, 60, -16607)
```

முதல் வரி இஎம்ஐ. ரெண்டாவது ராமுவோட எஃப்.டி. மூணாவது சோமுவோட சேமிப்பு. (வங்கி ஆர்.டி. கணக்கிடற விதத்துல சில நூறு ரூபாய் முன்ன பின்ன இருக்கலாம். முடிவு மாறாது.)

இதுலேருந்து கிடைக்கிற விதி ரொம்பச் சின்னது. மொத்த வட்டியையும் மொத்த வட்டியையும் ஒப்பிடாதீங்க. விகிதத்தையும் விகிதத்தையும் ஒப்பிடுங்க. கடன் விகிதம் பெருசா இருந்தா, கடன்ல நஷ்டம். காலம் 3 வருஷமோ 7 வருஷமோ, நஷ்டத்தோட அளவுதான் மாறும், திசை மாறாது.

வரின்னு ஒருத்தர் இருக்கார்

அந்தத் தாள் மறந்த இன்னொரு ஆசாமி வருமான வரி. எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு. உங்க வருமான அடுக்கு எதுவோ அந்த விகிதத்துல. ஆனா சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்கற காரோட லோன் வட்டிக்கு வரிச் சலுகை கிடையாது. ஒரு பக்கம் வெட்டுவாங்க, மறுபக்கம் தரமாட்டாங்க.

20 சதவீத அடுக்குல இருக்கிறவருக்கு செஸ் சேர்த்து 20.8 சதவீதம். அவரோட 7 சதவீத எஃப்.டி. உண்மையில சுமார் 5.54 சதவீதம்தான். அதே ராமு, சோமு கணக்கை இந்த விகிதத்துல போட்டா, ராமுகிட்ட 10,53,500, சோமுகிட்ட 11,44,400. வித்தியாசம் 56,000-லேருந்து 91,000-க்கு ஏறிடுது. வரியே கட்ட வேண்டாத வருமானம்னா பழைய 56,000-தான்.

"நான் சொந்தத் தொழில் பண்றேன், வட்டியைச் செலவாக் காட்டுவேன்"னு சிலர் சொல்வாங்க. தொழிலுக்கு ஓடற கார்னா காட்டலாம், தப்பில்ல. 31.2 சதவீதம் வரி கட்டுறவருக்கு 9 சதவீதக் கடன் சுமார் 6.2-ஆ ஆகும். ஆனா அவரோட எஃப்.டி.யும் 7-லேருந்து சுமார் 4.8-க்கு இறங்கிடுதே! ரெண்டையும் ஒரே கத்தியால வெட்டினா பெருசு பெருசாத்தான் இருக்கும். தேய்மானச் சலுகை? அது ரொக்கத்துக்கு வாங்கினாலும் கிடைக்கும், லோனோட அதுக்குச் சம்பந்தமே இல்ல.

மின்சாரக் காருக்கு வட்டிச் சலுகை இருக்குன்னு இன்னும் சிலர் பழைய கதையைச் சொல்லிட்டிருக்காங்க. அந்த 80ஈஈபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை ஒப்புதலான கடன்களுக்கு மட்டும்தான். இப்ப புதுசா வாங்கற லோனுக்கு அது பொருந்தாது.

9 சதவீதம்கிறது 9 சதவீதம்தானா?

மேல சொன்னதெல்லாம் ஷோரூம்ல சொன்ன விகிதம் உண்மைன்னு வச்சுக்கிட்டுச் சொன்னது. அதுலயும் வித்தை உண்டு.

"5 சதவீதம் ஃப்ளாட் ரேட் சார், எஃப்.டி.யே 7 சதவீதம்!" இதைக் கேட்டா காதைப் பொத்திக்காதீங்க, பேனாவை எடுங்க. ஃப்ளாட்னா, நீங்க அசலைக் கட்டிக் குறைச்சாலும் 5 வருஷமும் முழு 8 லட்சத்துக்கே வட்டி. வருஷம் 40,000, அஞ்சு வருஷம் 2 லட்சம். மொத்தம் 10 லட்சத்தை 60-ஆல வகுத்தா இஎம்ஐ 16,667. நம்ம 9 சதவீத லோனோட இஎம்ஐயை விட இது 60 ரூபாய் கூடுதல்! குறையும் அசல் முறைப்படி பார்த்தா இது சுமார் 9.15 சதவீதம். 5-ன்னு சொல்லி 9-ஐ விக்கிறாங்க.

அடுத்தது செயலாக்கக் கட்டணம். 8 லட்சத்துக்கு ஒரு சதவீதம், 8,000 ரூபாய்னு வச்சுக்குங்க. அதை முன்னாடியே கட்டிட்டா உங்க கைக்கு உண்மையில வந்தது 7,92,000. ஆனா தவணை 8 லட்சத்துக்கான தவணை. அப்ப 9 சதவீதம் 9.43 ஆயிடுது. கடன் முடிஞ்சப்புறம் ஆர்.சி.யில இருக்கிற வங்கி அடமானத்தை நீக்க, வங்கியோட தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொண்டு ஆர்.டி.ஓ. பக்கம் ஒரு நடை. அது பணத்தை விட நேரக் கணக்கு.

"வட்டியே இல்லாத" திட்டம் வந்தா? ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "லோன் இல்லாம எடுத்தா என்ன தள்ளுபடி?" 3 லட்சத்தை 24 மாசம், மாசம் 12,500-ன்னு வட்டியில்லாம தர்றாங்க, லோன் வேண்டாம்னா 20,000 தள்ளுபடின்னு வச்சுக்குவோம். அப்ப நீங்க உண்மையில வாங்கற கடன் 2,80,000, கட்டறது 3 லட்சம். அது சுமார் 6.7 சதவீத வட்டி. இதையும் எக்செல் சொல்லும்:

```
=RATE(24, -12500, 280000)*12
```

எந்தத் திட்டத்தைக் குடுத்தாலும் இந்த RATE வரியில போடுங்க. தவணை எத்தனை, தவணை எவ்வளவு, உண்மையில கைக்கு வந்த பணம் எவ்வளவு. மூணே எண். வாய் ஜாலம் எல்லாம் அதோட முடிஞ்சது.

ஷோரூம்காரருக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்டா, லோன் கொண்டு வந்து குடுக்கிறதுக்கு வங்கியிலிருந்து அவங்களுக்குக் கமிஷன் உண்டு. தப்புன்னு சொல்லல, அது அவங்க பொழப்பு. ஆனா அவர் குடுக்கிற தாளை ஆடிட்டர் குடுத்த தாள் மாதிரி நினைக்காதீங்க.

பின்னூட்டத்துல வரப்போறதுக்கு முன்கூட்டியே பதில்

"எஃப்.டி. எதுக்கு? மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டா 12 சதவீதம் வருமே!" வரலாம். வராமலும் போகலாம். 2008 ஜனவரியில சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது, 2009 மார்ச்ல 8,000 பக்கம் கிடந்தது. ஆனா இஎம்ஐ எந்த மாசமும் இறங்காது. நிச்சயமான 9-ஐயும் நிச்சயமில்லாத 12-ஐயும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. நேரடியாக் கேக்கறேன்: 9 சதவீதத்துக்கு 8 லட்சம் கடன் வாங்கிப் பங்குச் சந்தையில போடுவீங்களா? மாட்டேன்னா, நடுவுல ஒரு காரை நிறுத்தி அதையேதான் பண்றீங்க. அந்தத் துணிச்சல் இருந்தா தாராளமாப் பண்ணுங்க, அதை "பாதுகாப்பான லாபம்"னு மட்டும் சொல்லாதீங்க. அதுவும் போக, சோமுவும் தன்னோட 16,607-ஐ ஃபண்ட்லயே போடலாமே!

"விலைவாசி ஏறுது, பின்னாடி கட்டற ரூபாய்க்கு மதிப்பு கம்மி." உண்மைதான். ஆனா எஃப்.டி. முடிஞ்சு உங்க கைக்கு வர்ற ரூபாயும் அதே ரூபாய்தான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயறதால இது கழிஞ்சு போயிடும்.

"இஎம்ஐ இல்லைன்னா அந்தப் பணம் செலவாயிடும், சேமிக்க மாட்டேன்." இதுதான் எனக்குப் பிடிச்ச, நேர்மையான வாதம். சோமு ஆர்.டி. போடாம அந்த 16,607-ஐ ஓட்டல்லயும் ஆன்லைன்லயும் விட்டா, கடைசியில ராமுதான் பணக்காரர், மறுக்கல. ஆனா இது லோன் தர்ற லாபம் இல்ல, உங்க கையைக் கட்டிப் போடறதுக்கு நீங்க வங்கிக்குக் குடுக்கற கூலி. சம்பளம் வர்ற அன்னிக்கே ஆர்.டி.க்குப் போற மாதிரி வங்கியில எழுதிக் குடுத்துட்டா அதே கயிறு இலவசமாக் கிடைக்குது.

அப்ப லோனே தப்பா?

இல்ல. அந்தக் கணக்கு தப்பு. லோன் சரியா இருக்கிற இடங்கள் உண்டு. முக்கியமானது இதுதான்: அந்த 8 லட்சம்தான் உங்க மொத்த சேமிப்புன்னா, அதைத் துடைச்சுக் காருக்குக் குடுக்காதீங்க. அடுத்த மாசம் வீட்டுல ஒரு ஆபரேஷன், இல்ல வேலை போச்சுன்னா, காரோட பம்பரைக் கழட்டி ஆஸ்பத்திரியில கட்ட முடியாது. அப்ப வாங்கற பர்சனல் லோனோட வட்டி கார் லோனை விட நிறையக் கூட இருக்கும். அந்த நிலைமையில கார் லோன் வட்டிங்கிறது கையில பணம் இருக்கிறதுக்குக் குடுக்கற விலை. இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. குடுக்கலாம், ஆனா அதுக்கு "லாபம்"னு பேர் வைக்கக் கூடாது.

அதுக்கும் முழு 8 லட்சமும் லோன் தேவையில்ல. அவசரத்துக்கு 3 லட்சம் போதும்னா, 5 லட்சம் ரொக்கம், 3 லட்சம் லோன், 3 வருஷம். இஎம்ஐ 9,540, மொத்த வட்டி சுமார் 43,400 ரூபாய். அதுல பெரும்பகுதியை, கையில வச்ச 3 லட்சத்தோட எஃப்.டி. வட்டியே திருப்பித் தரும்.

எஃப்.டி.யை உடைக்க மனசில்லாதவங்களுக்கு இன்னொரு வழி. எஃப்.டி. மேலயே வங்கிங்க கடன் தருது. பொதுவா எஃப்.டி. வட்டியை விட ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான் கூட. 7 சதவீத எஃப்.டி. மேல 8 சதவீதத்துக்குக் கிடைச்சா, 9 சதவீதக் கார் லோனை விட அது மலிவு. கார் மேல அடமானமும் இல்ல. ஷோரூம் தாள்ல இந்த வழி மட்டும் ஏன் இல்லைன்னு நீங்களே யோசிச்சுக்குங்க :-)

கடைசியா ஒண்ணு. "ரொக்கம்"னு நான் சொல்றது செக், வங்கிப் பரிமாற்றம். சூட்கேஸ்ல நோட்டுக் கட்டோட போயிடாதீங்க. 2017 ஏப்ரல்லேருந்து ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ நோட்டா வாங்கறதுக்குச் சட்டத்துல தடை இருக்கு.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க. ஆனா உங்க கணக்குல ஒரு வரி கட்டாயம் இருக்கணும்: மாசம் 16,607 எங்கிருந்து வருது, லோன் இல்லாதவர்கிட்ட அது எங்கே போகுது? அந்த வரி இல்லாத கணக்கைக் கொண்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பப்படும்.